கடிதத்தின் நான்காவது வரி

தொழிற்சாலையில் அவரை நேரில் எல்லோரும் 'சார்' என்பார்கள். முதுகு திரும்பியதும் 'தேதிக்காரர்'. அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும், கேட்டால் கேட்காத மாதிரி போய்விடுவார்.

ஊசிமருந்து செய்யும் தொழிற்சாலை அது. ஒவ்வொரு பேட்ச் மருந்துக்கும் தலையணை கனத்தில் ஒரு பதிவுக் கட்டு உண்டு. தண்ணீர் எடுத்தது யார், எடை பார்த்தது யார், குப்பிகளைச் சூடேற்றியது எத்தனை மணிக்கு, பக்கத்தில் நின்று சரிபார்த்தது யார் என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. எல்லாவற்றையும் படித்து, 'இந்த மருந்து வெளியே போகலாம்' என்று கடைசிக் கையெழுத்துப் போடுகிற தரப்பிரிவுத் தலைவர் இவர். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இல்லையென்றால் அதற்கு மேல் ஓர் எழுத்துகூடப் படிக்க மாட்டார். கட்டை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார். தேதி போட மறந்தவன் மூன்று மாடி ஏறி வந்து, அசட்டுச் சிரிப்போடு போட்டுவிட்டுப் போக வேண்டும். அதுவும் இன்றைய தேதியை, தாமதமாகப் போட்ட காரணத்தோடு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று அவரைப் பற்றி மேலிடத்தில் நல்ல பெயர், கீழே கெட்ட பெயர். ஒருமுறை குளிர் அறையில் வேலை பார்த்த ஒருவர், நேரில் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, நேற்றைய வெப்பநிலையையே இன்றைக்கும் எழுதிவிட்டார். இவர் அதைக் கருவியின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துவிட்டார். "நேத்து இருந்தது இன்னிக்கும் அப்படியே இருக்கும்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு வேலை போயிற்று. இவருக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் சந்தேகம் கிடையாது.

இப்படிப்பட்டவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் எழுதுவார். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். அந்தந்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பியோடு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சொந்தக் கணினியில், சொந்த மின்னஞ்சலில். அலுவலகக் கணினியில் இதைத் தொடக்கூட மாட்டார். கடிதம் போவது, கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கிற ஒரு ரெக்ரூட்டர் அம்மாவுக்கு.

வேலை தேடுகிறாரா என்றால் இல்லை. அதுதான் அந்தக் கடிதத்தின் விசேஷம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் நிஜமாகவே வேலை தேடியபோதுதான் அந்த அம்மா பழக்கமானார். அப்போது ஒரு பெரிய நிறுவனம் இவரைக் கூப்பிட்டது. இவர் சேர்ந்தால் அந்த அம்மாவுக்கும் ஆதாயம். ஆனால் சேருவதற்கு முந்தின நாள் அவரே கூப்பிட்டு, "சார், போகாதீங்க. போன ரெண்டு வருஷத்துல அந்த நாற்காலியில மூணு பேர் உக்காந்து எழுந்திருச்சிருக்காங்க. நான் இப்பத்தான் விசாரிச்சேன். உங்களை அங்க தள்ளிட்டு எனக்குத் தூக்கம் வராது," என்றார். ஆறே மாதத்தில் அந்த நிறுவனம் தணிக்கையில் மாட்டி, கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் விசாரணைக்கு அலைந்தார்கள். அன்றிலிருந்து அந்த அம்மா சொன்னால் இவருக்கு மறுபேச்சு இல்லை. இவரைக் கேட்காமல் இவருடைய பயோடேட்டாவை அவர் ஓர் இடத்துக்கும் அனுப்பியதில்லை.

இப்போது அந்த அம்மா தனியாகத் தொழில் செய்கிறார். தையல் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி. கடிதம் எழுதச் சொன்னதே அவர்தான்.

"வேலை வேணும்னு எழுதுற கடிதத்துல எல்லாருமே உத்தமர்தான் சார். வேண்டாதப்ப எழுதுங்க. அஞ்சு வரி போதும். இப்ப என்ன பண்றீங்க, போன தடவைக்கு இப்ப என்ன மாறியிருக்கு, எப்படிப்பட்ட இடம்னா யோசிப்பீங்க, எது முடியாது, ராஜினாமா கொடுத்தா எத்தனை நாள்ல விடுவாங்க. கம்பெனி ரகசியம் ஒண்ணும் வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆள் யாராவது இருந்தா, அவங்களைக் கேட்டுட்டுப் பேரைப் போடுங்க. நான் அப்படியே குறிச்சு வெச்சுக்குவேன். ஏதாவது வந்தா நீங்க தேட வேண்டாம், நானே கூப்பிடுவேன்."

தேதிக்காரருக்கு இது சர்க்கரைப் பொங்கலாக இனித்தது. படிவம், ஒழுங்கு, தேதி. நாற்பத்தைந்து கடிதங்களுக்கு மேல் போயிருக்கும், ஒன்றுகூடத் தவறியதில்லை. பழைய கடிதத்தைத் திறப்பார், அதையே நகலெடுப்பார், மாறியதை மாற்றுவார், அனுப்புவார். இருபது நிமிட வேலை. மறுநாளே பதில் வந்துவிடும்.

நான்காவது வரிதான் 'எது முடியாது'. முதலில் அங்கே 'இரவு ஷிப்ட் பொறுப்பு வேண்டாம்' என்று இருந்தது. பிறகு மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது அந்த வரி மாறியது: 'மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடப்பதால் வேறு ஊருக்கு வர இயலாது.'

ஆறு வருடம் அந்த வரி அப்படியே இருந்தது. செவ்வாய், வியாழன், சனி. நான்கு மணி நேரம் அவள் கட்டிலில் படுத்திருப்பாள், இவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எந்திரத்தின் எண்களைத் தாமும் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருப்பார். "அந்த நர்ஸ் எழுதுறா இல்ல, நீங்க எதுக்கு?" என்பாள் அவள். "ரெண்டு பேர் பார்க்கணும்," என்பார். "என்னை ஒரு பேட்ச் ஆக்கிட்டீங்க," என்று சிரிப்பாள். நர்ஸும் சிரிப்பாள். அவளுடைய நகைச்சுவை கடைசிவரை குறையவில்லை. உடம்புதான் குறைந்துகொண்டே வந்தது.

அந்த அம்மாவின் பதிலில் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'மேடத்தை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.' இவர் சொல்வார். "பார்க்காத மனுஷி, என்ன பாசம் பாருங்க. பெத்த பொண்ணு ஒரு வாரமா போன் பண்ணல," என்பாள் மனைவி. மகள் ரயிலில் ஒரு பகல் பயணத் தூரத்தில் வேறு ஊரில் இருந்தாள். பண்ணியிருப்பாள், முந்தாநாள்கூடப் பண்ணியிருப்பாள். அது அவர்களுக்குள் ஓடுகிற கேலி.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே அவள் இதயம் நின்றுவிட்டது. இவர் கையில் பேனா இருந்தது.

மகள் வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கதறினாள். இவர் அவள் முதுகைத் தட்டி, "விடும்மா, இந்த நேரத்துல அழக்கூடாது," என்றார். தொழிற்சாலையிலிருந்து வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், மருத்துவமனைக் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. எல்லாம் முடிந்து மகள் ஊருக்குக் கிளம்புகிற அன்று, "அப்பா, அம்மாவைப் பத்தி ஏதாவது பேசுங்களேன்," என்றாள். "என்னத்தைப் பேசறது," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மூன்று வாரம் கழித்து ஏப்ரலின் முதல் ஞாயிறு வந்தது.

ஜனவரிக் கடிதத்தைத் திறந்து நகலெடுத்தார். முதல் வரி, அதே வேலை. இரண்டாவது வரியில், பிப்ரவரியில் வெளிநாட்டுத் தணிக்கை ஒரு குறையுமில்லாமல் முடிந்ததைச் சேர்த்தார். மூன்றாவது அப்படியே. நான்காவது வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை.

அழிப்பது பெரிய காரியமில்லை. ஒரே ஒரு வரி. ஆனால் அழித்துவிட்டு அங்கே என்ன எழுதுவது? தொழிற்சாலைக்கு யாரோ சொன்னார்கள், சொந்தக்காரர்களுக்கு மைத்துனர் சொன்னார், சான்றிதழில் மருத்துவர் எழுதினார். அவள் இறந்துவிட்டாள் என்று தம் கையால் ஓர் இடத்திலும் அவர் இதுவரை எழுதியிருக்கவில்லை. தட்டிப் பார்த்தார், அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம் என்று, நான்காவது வரியைத் தொடாமல் அனுப்பிவிட்டார்.

நேற்று இருந்தது இன்றைக்கும் இருப்பதாக எழுதியதற்காக ஒரு மனிதரின் வேலையைப் பறித்தவர்தான் இதைச் செய்தார். அது அந்த நிமிடம் அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை என்று நம்புவது கஷ்டம். வந்திருக்கும். நெஞ்சு பாரமாக இருக்கும்போது நியாயமெல்லாம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

மறுநாள் பதில் வந்தது. 'குறித்துக்கொண்டேன் சார். தணிக்கைக்கு வாழ்த்துகள். மேடத்தை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.'

தரப்பிரிவு அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கடைசி வரியைக் கைப்பேசியில் நாலைந்து முறை படித்தார். ஊரில் எல்லோரும் அவரைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இந்த ஒரு மனுஷிக்கு மட்டும் அவள் இன்னும் செவ்வாய்க்கிழமை கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

ஜூலையில் அவர் அழிக்க முயலவே இல்லை. கூடவே, 'இப்போது கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள்' என்று சேர்த்தார். 'நல்ல ஓய்வு கொடுங்கள் சார்' என்று பதில் வந்தது. அக்டோபரில், 'பசி பரவாயில்லை, இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறாள்' என்று எழுதினார். செத்துப்போனவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார் மனிதர். பைத்தியமில்லை, நன்றாகத் தெரிந்தே செய்தார். வருடத்துக்கு நாலு முறை, ஐந்து நிமிடம், அவளைப் பற்றி நிகழ்காலத்தில் எழுத அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அதை விட மனசு வரவில்லை.

இதற்கிடையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருமகனுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. மகப்பேறு விடுப்பு முடிந்து அவள் அலுவலகம் திரும்பியபோது குழந்தையை எங்கே விடுவது என்று திண்டாட்டம்.

"அப்பா, அங்க தனியா என்ன பண்றீங்க? இங்க வந்துடுங்களேன்," என்றாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில்.

"வேலையை விட்டுட்டு வந்து உன் வீட்டுல சும்மா உக்காரச் சொல்றியா? இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா."

"அப்ப இங்கயே ஒரு வேலை பாருங்க. இங்க மருந்துக் கம்பெனி இல்லையா என்ன? உங்களுக்கு அந்த ரெக்ரூட்டர் மேடம் இருக்காங்க இல்ல, அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொல்லியிருக்கேன்," என்றார்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? 'மகள் ஊருக்கு வரத் தயார்' என்று எழுதினால் நான்காவது வரியை எடுத்தாக வேண்டும். அடுத்த காலாண்டில் உண்மையை எழுதிவிடலாம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். போக வேண்டும் என்ற ஆசை மட்டும் பொய்யில்லை. வீட்டில் இரண்டாவது தட்டு எடுத்துவைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிற ஒவ்வொரு முறையும், இந்த ஊரை விட்டுப் போனால் போதும், அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டால் போதும் என்றுதான் இருந்தது.

டிசம்பரில் மகள் வீடு மாற்றினாள். "உங்களுக்குன்னு தனி ரூம்ப்பா. ஜன்னல் தெருப்பக்கம். காலையில பேப்பர் படிக்க வெளிச்சம் வரும்," என்று வீடியோவில் சுற்றிக் காட்டினாள். வெறும் அறை, ஒரு கட்டில், ஒரு மேசை. "மேடம் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணு வந்தா கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க," என்றார் இவர். ஜனவரிக் கடிதமும் ஏப்ரல் கடிதமும் அதே நான்காவது வரியோடுதான் போயின.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை பிற்பகல், அவருடைய துணை மேலாளர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முப்பத்தெட்டு வயது, கெட்டிக்காரி. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போய் விழுந்திருந்தாலும் பிடித்துவிடுவாள் என்பதால் தொழிற்சாலையில் அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர். வேலை கற்றுக்கொடுத்ததும் இவர்தான், அவளைக் கேட்டுவிட்டு அவள் பெயரை இரண்டு வருடமாகக் கடிதத்தின் அடியில் போட்டுவந்ததும் இவர்தான்.

கையில் உறை இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ராஜினாமா என்று பிரிக்காமலே தெரியும்.

"எங்க போறம்மா?" என்றார்.

அவள் ஊரைச் சொன்னாள். மகளின் ஊர்.

"புதுத் தொழிற்சாலை சார். தரப்பிரிவுத் தலைமை. நீங்க மேடத்துக்கிட்ட என் பேரைக் கொடுத்ததாலதான். ஆனா..." அவள் உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. போன வெள்ளிக்கிழமை எல்லாம் கையெழுத்து ஆனதுக்கப்புறம் மேடத்துக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டேன். 'இது எங்க சாருக்குல்ல கிடைச்சிருக்கணும், அவர் பொண்ணு அந்த ஊர்லதானே இருக்கு'ன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, 'அவரைத்தான் முதல்ல நினைச்சேன். வீட்ல மேடத்துக்கு டயாலிசிஸ், எப்படி வருவார்'னாங்க."

அவர் எதிரே இருந்த பதிவுக் கட்டை மூடி வைத்தார்.

"நான் உளறிட்டேன் சார். 'அக்கா தவறி பதினாலு மாசமாச்சே'ன்னு சொல்லிட்டேன். அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்."

தலைக்கு மேலே காற்று வடிகட்டி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அவர் உறையை வாங்கினார். பிரித்தார். படித்தார்.

"நான் வேணா விலகிக்கறேன் சார். இன்னும் நாள் இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன்."

"வேண்டாம். உனக்காக ஓர் இடத்தை ஒதுக்கிட்டு, நீ போகலைன்னா, அந்தக் கம்பெனிக்காரங்க என்னைக் கூப்பிடுவாங்கன்னு இல்ல. மேடத்தைத்தான் நம்ப மாட்டாங்க." பேனாவை எடுத்தார். "கையெழுத்துக்குக் கீழ தேதி போடலையே நீ."

அவள் தேதியைப் போட்டாள். அழுதுகொண்டே போட்டாள்.

அன்று மாலை ரெக்ரூட்டர் அம்மாவே கூப்பிட்டார். இவர் தொழிற்சாலை வாகன நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

"சார், முதல்ல மேடத்துக்கு... தெரியாமப் போச்சு. ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார் அந்த அம்மா.   "ஏன் சார் சொல்லல?"

"எழுத வரல மேடம்."

"முதல் தடவை வரலன்னா புரியுது. எனக்கு அஞ்சு கடிதம் வந்திருக்கு. சோர்வா இருக்காங்கன்னீங்க. இட்லி சாப்பிடறாங்கன்னீங்க. நான் ஒவ்வொரு தடவையும் விசாரிச்சதா எழுதினேனே சார். அதைப் படிச்சப்ப எப்படி இருந்திருக்கும் உங்களுக்கு?"

"அதுக்காகத்தான் மேடம்," என்றார் அவர்.  நீங்கள் விசாரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன் என்பதை ஐம்பத்தாறு வயது மனிதன் எப்படிச் சொல்வான்?

அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறவர் இல்லை அவர்.

"மார்ச்ல அந்தக் கம்பெனி என்கிட்ட வந்தப்ப என்ன கேட்டாங்க தெரியுமா? வயசு பரவாயில்ல, தணிக்கையில நின்னு பதில் சொன்ன ஆள் வேணும்னாங்க. உங்களுக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி. உங்க குறிப்பைத் திறந்தேன். வெளியூர் முடியாதுன்னு இருந்துச்சு. கூப்பிட்டுக் கேட்கலாமான்னுகூட நினைச்சேன். கேட்டா, வர முடியலயேன்னு நீங்க சங்கடப்படுவீங்க, மேடத்துக்குத் தெரிஞ்சா தன்னாலதான்னு வருத்தப்படுவாங்க. அதனால கேட்கல. ஏப்ரல்ல உங்க கடிதம் வந்துச்சு, அதே வரி. நல்லவேளை கேட்கலன்னு நினைச்சேன். அப்புறந்தான் அந்தப் பொண்ணுக்கு ஆஃபர் போச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏப்ரலில்கூட நேரம் இருந்திருக்கிறது. ஏப்ரலின் முதல் ஞாயிறு, காப்பியோடு, சாப்பாட்டு மேசையில்.

"அந்த ஊர்ல வேற ஏதாவது..."

"இல்ல சார். பொய் சொல்ல மாட்டேன். அந்த ஊர்ல இருக்கறதே நாலு தொழிற்சாலை. உங்க தகுதிக்கான நாற்காலி அங்க காலியாகறது எப்பவோ ஒருமுறை. அடுத்தது வர்றப்ப உங்களுக்கு ரிட்டையர்மென்ட் வந்துடும்."

"இனிமே ஒழுங்கா எழுதறேன் மேடம்."

"எழுதுங்க. ஆனா ஒண்ணு சார். என்கிட்ட இருக்கற அத்தனை பேர்லயும் உங்க கடிதத்தை மட்டும்தான் நான் திருப்பிக் கேட்காம அப்படியே எடுத்துக்குவேன். இனிமே எல்லாரையும் கேட்கற மாதிரி உங்களையும் கேட்பேன். கோவிச்சுக்காதீங்க."

கோபம் எங்கே வரும். அந்த அம்மா சொன்னது அத்தனையும் நியாயம். இருபத்தெட்டு வருடமாக இவரும் பிறரிடம் இதைத்தான் சொல்லிவந்தார்.

மகளிடம் சொல்லாமல் மூடி மறைத்திருக்கலாம். இடம் வரவில்லை என்று பூசி மெழுகியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். ஆனால் புள்ளி அந்த ஊரில் குடியேறப் போகிறவள், மகளுக்கும் பழக்கமானவள். தவிரவும் அவருக்கே அலுத்துப்போயிற்று. அந்த ஞாயிறு மகள் கூப்பிட்டபோது, வேலை வந்ததையும், போனதையும், ஏன் போனது என்பதையும், ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வரிசையாகச் சொன்னார். விசாரணை அறிக்கை வாசிப்பதைப் போலத்தான் சொன்னார். அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

மகள் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும், "எங்கிட்ட 'சொல்லியிருக்கேன்'னு சொன்னீங்களே," என்றாள்.

"சொல்லல."

"ரூம் எடுத்தது அதை நம்பித்தான்."

"தெரியும்மா."

"வேலை போனா போகட்டும்ப்பா. அது ஒண்ணுமில்ல." அவள் மூச்சு இழுப்பது கேட்டது. "அம்மா செத்த அன்னிக்கு உங்களைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். விடும்மான்னீங்க. ஊருக்குக் கிளம்பறப்ப அம்மாவைப் பத்திப் பேசுங்கன்னு கெஞ்சினேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தப்ப அம்மா ஞாபகமா இருக்குப்பான்னு போன் பண்ணினேன், மாத்திரை சாப்பிட்டியான்னு கேட்டீங்க. சரி, அப்பாவுக்குக் கல்மனசு, அவர் அப்படித்தான்னு நானே என்னைத் தேத்திக்கிட்டேன். ஆனா உங்களுக்குப் பேச வந்திருக்கு. இட்லி சாப்பிட்டதெல்லாம் எழுதியிருக்கீங்க. அதுல ஒரு வரி எனக்கு எழுதியிருக்கலாமேப்பா. அவ எனக்கு அம்மா."

 மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உள்ளே குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

"குழந்தை எழுந்துட்டா. வைக்கறேன்," என்றாள்.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. பதினாலு மாதத்து அழுகை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். கேட்பதற்குத்தான் எதிர்முனையில் ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, அம்மாவைப் பற்றி ஒரு கடிதம் எழுதலாம் என்று கணினியைத் திறந்தார். பெண் பார்க்கப் போனபோது அவள் கேட்ட முதல் கேள்வி, அவள் சிரிப்பு, கட்டிலில் படுத்துக்கொண்டு நர்ஸைக் கிண்டல் செய்தது என்று எவ்வளவோ இருந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினார். அனுப்பினார். பதில் வரும் என்று திங்கள் பார்த்தார், செவ்வாய் பார்த்தார்.

வியாழக்கிழமை மருமகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'மாமா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா கிடைத்திருக்கிறார். வீட்டோடு தங்குகிறார். தெருப்பக்க அறையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். நீங்கள் வரும்போது ஹாலில் படுக்கை போட்டுக்கொள்ளலாம்.'

நல்லது, அப்படியே செய்யுங்கள் என்று அவர் பதில் எழுதினார்.